கொழுகொழு குட்டிக்குக் காத்திருக்கும் இடுப்பு வலி
பெரிய இன நாய்களில் இடுப்பு மூட்டுக் கோளாறு: முதல் ஓராண்டில் கவனிக்க வேண்டியவை

தென்னந்தோப்பு, கோழிப்பண்ணை, மாட்டுக் கொட்டகைக் காவலுக்காக லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வீலர் போன்ற பெரிய இன நாய்களைப் பல விவசாயிகள் வளர்க்கிறார்கள். இரண்டு மாதக் குட்டியாக வாங்கி வரும்போது துறுதுறுவென்று இருக்கும். ஐந்தாறு மாதத்தில் ஒரு மாற்றம் தெரியும். படுத்த இடத்திலிருந்து எழத் தடுமாறும். ஓடும்போது பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போலத் தாவும். திண்ணை ஏறத் தயங்கும். நடக்கையில் இடுப்பு இருபுறமும் ஆடும்.

இந்த அறிகுறிகளைப் பார்த்ததும் கால்சியம் டானிக் வாங்கி ஊற்றுவதும், 'வளர வளரச் சரியாகிவிடும்' என்று விட்டுவிடுவதும்தான் பெரும்பாலும் நடக்கிறது. இரண்டுமே நாய்க்கு நல்லதல்ல. இது 'ஹிப் டிஸ்பிளேசியா' எனப்படும் இடுப்பு மூட்டுத் தளர்வுக் கோளாறாக இருக்கலாம். இதற்கு உதவக்கூடிய வழிகள் உள்ளன. ஆனால் ஒவ்வொரு வழிக்கும் ஒரு வயது வரம்பு உண்டு. பட்டம் தவறினால் விதைப்பு வீணாவதுபோல, வயது தவறினால் அந்த வழி அடைபட்டுவிடும்.

மூட்டுக்குள் என்ன நடக்கிறது?

இடுப்பெலும்பில் ஒரு கிண்ணம் இருக்கிறது. தொடை எலும்பின் மேல்முனை பந்துபோல உருண்டு அந்தக் கிண்ணத்துக்குள் பொருந்தியிருக்கும். இந்தக் குறை வரப்போகும் குட்டிக்கும் பிறக்கும்போது மூட்டு இயல்பாகவே இருக்கும். அடுத்த சில வாரங்களில் மூட்டைப் பிடித்திருக்கும் தசைநாரும் உறையும் தளரத் தொடங்குகின்றன. பந்து கிண்ணத்துக்குள் இறுக்கமாக நிற்காமல் விளிம்பை நோக்கி நழுவி நழுவித் திரும்புகிறது.

குட்டியின் எலும்பு இன்னும் முற்றாதது. பந்து நடுவில் அழுத்தினால்தான் கிண்ணம் ஆழமாக வளரும். விளிம்பில் இடித்துக்கொண்டே இருந்தால் விளிம்பு தேய்ந்து கிண்ணம் தட்டையாகிறது. பந்தும் உருண்டை வடிவத்தை இழக்கிறது. குருத்தெலும்பு தேய்ந்த பிறகு வருவது மூட்டுவாதம்.

அறிகுறிகள் ஒரே சீராக இருப்பதில்லை. ஐந்து முதல் பத்து மாதத்துக்குள் வலி தெரியும். ஒரு வயதைத் தாண்டும்போது மூட்டு உறை தடித்து, தளர்வு சற்றுக் குறைவதால் பல நாய்கள் நன்றாக நடக்கத் தொடங்கும். வளர்ப்பவர் 'சரியாகிவிட்டது' என்று நினைப்பார். ஆனால் கெட்டுப்போன கிண்ணம் திரும்ப ஆழமாவதில்லை. சில ஆண்டுகள் கழித்து மூட்டுவாதமாக வலி மீண்டும் வரும்.

பரம்பரையும் தீவனமும்

இது பல மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கும் குறை. தாயும் தந்தையும் நன்றாக ஓடுவதைப் பார்த்து மட்டும் குட்டி வாங்க முடியாது. மூட்டு கெட்டிருந்தும் வெளியே தெரியாத நாய்கள் உண்டு. பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்டுப் பார்த்து வாங்குவதே முறை. அப்படி வாங்கினாலும் வாய்ப்பு குறையுமே தவிர, முற்றிலும் நீங்காது.

மரபணுவை நம்மால் மாற்ற முடியாது. தட்டில் வைக்கும் தீவனத்தை மாற்ற முடியும். நெல்லுக்குத் தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போட்டால் பயிர் மளமளவென்று வளர்ந்து, தண்டு வலுவில்லாமல் சாய்வதைப் பார்த்திருக்கிறோம். பெரிய இனக் குட்டிக்கு அதிகத் தீவனம் கொடுப்பதும் அப்படித்தான். எலும்பும் மூட்டும் முற்றுவதற்கு முன்பே உடல் எடை ஏறிவிடுகிறது.

அமெரிக்காவில் 48 லாப்ரடார் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வின் முடிவு 1992-ல் வெளியானது. ஒரே ஈற்றுக் குட்டிகளை இரண்டிரண்டாக இணைசேர்த்தார்கள். ஒன்றுக்கு விரும்பிய அளவு தீவனம். அதன் இணைக்கு அதைவிடக் கால் பங்கு குறைவு. தீவனம் இரண்டுக்கும் ஒன்றுதான். இரண்டு வயதில் எக்ஸ்ரே எடுத்தபோது, விரும்பிய அளவு தின்ற 24 நாய்களில் 16-க்கு இடுப்புக் கோளாறு இருந்தது. குறைவாகத் தின்ற 24-ல் 7 நாய்களுக்கு மட்டுமே இருந்தது. அதே நாய்களை ஆயுள் முழுவதும் கவனித்ததில், அளவோடு தின்றவை ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் கூடுதலாக வாழ்ந்தன.

குட்டியின் எடை சரியா என்று அறிய விலா எலும்பைத் தடவிப் பாருங்கள். கையை விரித்து வைத்துப் புறங்கையைத் தடவினால் விரல் எலும்புகள் மெல்லிய தோலுக்கடியில் தட்டுப்படும். குட்டியின் விலாவும் அப்படித் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். கையை அழுத்தினால்தான் விலா கிடைக்கிறது என்றால் குட்டி அதிக எடையில் இருக்கிறது.

கால்சியத்தில் இரண்டு விதத் தவறுகள் நடக்கின்றன. கடையில் விற்கும் முழுமையான குட்டித் தீவனத்தில் தேவையான கால்சியம் ஏற்கெனவே இருக்கிறது. அதற்குமேல் டானிக் ஊற்றினால், ஆறு மாதத்துக்குட்பட்ட குட்டியின் குடல் தேவையில்லாததைத் தடுத்து நிறுத்தத் தெரியாமல் உறிஞ்சிக்கொள்ளும். அதனால் எலும்பு வளர்ச்சி கெடும். மாறாக, வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் மட்டும் போட்டு வளர்த்தால் கால்சியம் பற்றாமல் எலும்பு மெலிந்து வளையும். அதுவும் நொண்டலாகத்தான் வெளிப்படும். வீட்டுச் சாப்பாடு போடுபவர்கள் கால்சியத்தின் அளவைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

தரையும் முக்கியம். நார்வேயில் பெரிய இனக் குட்டிகளை வைத்து நடத்திய ஆய்வில், மூன்று மாத வயதுக்குள் தினமும் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்தக் குறை அதிகமாக இருந்தது. மெத்தென்ற, மேடுபள்ளமான நிலத்தில் கட்டில்லாமல் ஓடிய குட்டிகளுக்கும், பண்ணைகளில் பிறந்த குட்டிகளுக்கும் குறைவாக இருந்தது. ஆகவே தோட்டத்து மண்ணில் குட்டி தன் விருப்பம்போல் ஓடட்டும். வழுக்கும் டைல்ஸ் தரை, மாடிப்படி, டிராக்டரிலிருந்தும் டெம்போவிலிருந்தும் குதிப்பது ஆகியவற்றைத் தவிர்த்தால் போதும்.

எக்ஸ்ரே: படுக்கவைக்கும் விதம்தான் பாதி வேலை

மருத்துவர் முதலில் கையால் சோதிப்பார். மயக்க மருந்து கொடுத்து, தொடையை மேல்நோக்கி அழுத்தி மெல்ல வெளிப்புறமாக விரிக்கும்போது, நழுவிய பந்து 'டக்'கென்று கிண்ணத்துக்குள் விழுவது கையில் தெரியும். இதற்கு ஆர்ட்டலானி சோதனை என்று பெயர். அது தெரிந்தால் மூட்டு தளர்ந்திருக்கிறது என்று பொருள். மூட்டுவாதம் முற்றிய நாயில் இந்தச் சத்தம் வராமலும் போகலாம்.

அடுத்து எக்ஸ்ரே. விழித்திருக்கும் நாயை நாலு பேர் அழுத்திப் பிடித்து எடுக்கும் படத்தை வைத்து இடுப்பைக் கணிக்க முடியாது. தசை இறுகியிருந்தால் தளர்வு மறைந்துவிடும். நாய் சற்றே திரும்பினாலும் படம் பொய் சொல்லும். மயக்க மருந்து தேவை என்பதால், எத்தனை மணி நேரத்துக்கு முன் தீவனத்தை நிறுத்த வேண்டும் என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் சிறுவர்களும் எக்ஸ்ரே அறைக்குள் போகக்கூடாது.

நாயை மல்லாக்கப் படுக்கவைத்து, பின்னங்கால்கள் இரண்டையும் நேராகப் பின்னுக்கு நீட்டி, முழங்காலைச் சற்று உட்புறமாகத் திருப்பி எடுப்பது வழக்கமான நிலை. படம் சரியாக எடுக்கப்பட்டதா என்பதை நீங்களே நான்கு விஷயங்களைக் கொண்டு பார்க்கலாம்.

முதலாவது, இடுப்பெலும்பு முழுவதும் இரண்டு முழங்கால்களும் படத்துக்குள் இருக்க வேண்டும். இரண்டாவது, தொடை எலும்புகள் இரண்டும் தண்டவாளம்போல ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். மூன்றாவது, முழங்கால் சில்லு தொடை எலும்பின் கீழ்முனைக்கு நடுவில் தெரிய வேண்டும். ஓரத்துக்குப் போயிருந்தால் கால் சரியாகத் திருப்பப்படவில்லை. நான்காவது, இடுப்பெலும்பின் கீழ்ப்பகுதியில் வலமும் இடமும் தெரியும் இரண்டு ஓட்டைகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒன்று பெரிதாகவும் மற்றது குறுகியும் இருந்தால் நாய் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது. அப்போது ஒரு மூட்டு உள்ளதைவிட ஆழமாகவும் மற்றது உள்ளதைவிட மோசமாகவும் தெரியும். அந்தப் படத்தைத் திரும்ப எடுக்கச் சொல்வதில் தவறில்லை.

இந்த நிலைக்கும் ஒரு குறை உண்டு. கால்களைப் பின்னுக்கு நீட்டும்போது மூட்டு உறை முறுக்கிக்கொண்டு பந்தைக் கிண்ணத்துக்குள் இழுக்கிறது. அதனால் இளம் குட்டியில் தளர்வு குறைவாகத் தெரியலாம். ஆறு மாதத்தில் நன்றாகத் தெரிந்த இடுப்பு இரண்டு வயதில் கெட்டிருக்க வாய்ப்புண்டு. இதற்காகப் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 'பென்ஹிப்' என்ற முறையை உருவாக்கினார்கள். கால்களை நீட்டாமல், நாய் நிற்கும்போது இருக்கும் கோணத்தில் வைத்து, ஒரு கருவியால் பந்தை வெளிப்புறமாக நெம்பிப் படம் எடுப்பார்கள். பந்து எவ்வளவு தூரம் வெளியே வருகிறது என்பதை எண்ணாகச் சொல்வார்கள். 0 என்றால் இறுக்கம். 1 என்றால் முழுவதும் விலகியது. 0.3-க்குக் கீழ் இருந்தால் பிற்காலத்தில் மூட்டுவாதம் வரும் வாய்ப்பு மிகக் குறைவு. 16 வார வயதிலேயே இதைச் செய்யலாம். ஆனால் இதற்கெனப் பயிற்சி பெற்றவர்தான் எடுக்க முடியும்.

மதிப்பெண் எப்படிப் போடுகிறார்கள்?

வழக்கமான படத்தில் இரண்டு பந்துகளின் மையத்தையும் குறித்து, ஒரு கோட்டால் இணைக்கிறார்கள். பிறகு பந்தின் மையத்திலிருந்து அதே பக்கக் கிண்ணத்தின் முன்விளிம்புக்கு இன்னொரு கோடு. இரண்டு கோடுகளுக்கும் இடையிலுள்ள கோணமே நார்பெர்க் கோணம். கிண்ணம் ஆழமாகவும் பந்து உள்ளேயும் இருந்தால் கோணம் விரியும். கிண்ணம் தட்டையாகவோ பந்து வெளியேறியோ இருந்தால் கோணம் சுருங்கும். 105 பாகையும் அதற்கு மேலும் இயல்பானது.

இந்தக் கோணத்தோடு, பந்தும் கிண்ணமும் பொருந்தும் விதம், விளிம்புத் தேய்மானம், மூட்டுவாத அடையாளம் ஆகியவற்றையும் பார்த்து, பன்னாட்டு நாய் வளர்ப்பு அமைப்பான எஃப்.சி.ஐ. முறையில் ஏ முதல் இ வரை ஐந்து தரங்களாகப் பிரிக்கிறார்கள். ஏ குறையில்லாதது. பி ஏறக்குறைய இயல்பானது. கோணம் 100 அளவில் இருந்தால் சி, லேசான கோளாறு. 90-க்கு மேல் இருந்தால் டி, நடுத்தரம். 90-க்கும் கீழே போனால் இ, கடுமையானது. இரண்டு இடுப்பில் எது மோசமோ அதுவே நாயின் தரம். இந்தத் தரத்தை முறைப்படி வழங்க நாய்க்குக் குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். அதற்கு முன் எடுக்கும் படம் சிகிச்சையை முடிவு செய்ய மட்டுமே.

ஒன்றை மறக்கக்கூடாது. படத்தின் தரமும் நாயின் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. படம் மோசமாக இருந்தும் நன்றாக ஓடும் நாய் உண்டு. சிகிச்சை நாய்க்குத்தான், படத்துக்கு அல்ல.

ஓர் எடுத்துக்காட்டு

ஏழு மாத ஆண் லாப்ரடார் ஒன்றை எடுத்துக்கொள்வோம். எடை 31 கிலோ. விலா கைக்குத் தட்டுப்படவில்லை. ஓடும்போது முயல் தாவல். எக்ஸ்ரேயில் கோணம் வலதுபக்கம் 98, இடதுபக்கம் 94. பந்து பாதி வெளியே நிற்கிறது. மூட்டுவாதம் இன்னும் தொடங்கவில்லை. கோணத்தை மட்டும் வைத்துச் சொன்னால் வலது சி, இடது டி, மொத்தத்தில் டி.

முதல் வேலை தீவனக் கணக்கு. தினமும் 450 கிராம் குட்டித் தீவனம். அதில் சுமார் 1,600 கிலோ கலோரி. அதோடு ஒரு டம்ளர் பால், இரண்டு இட்லி, நான்கு பிஸ்கட். இந்த 'கொசுறு' மட்டும் 300 கிலோ கலோரிக்கு மேல். கொசுறை நிறுத்தினாலே ஆறில் ஒரு பங்கு குறைந்துவிடும். தீவனத்தைக் கிண்ணத்தால் அளக்காமல் தராசில் நிறுத்துப் போட வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் எடை ஏறிக்கொண்டிருந்தால் தீவனத்தில் பத்தில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும். வளரும் நாயைப் பட்டினி போடக்கூடாது. எடையை ஏறவிடாமல் நிறுத்தினாலே, உயரம் வளர வளர உடல் மெலிந்து அளவுக்கு வந்துவிடும்.

தினமும் இரண்டு அல்லது மூன்று முறை, மண் தரையில் கயிற்றில் பிடித்தபடி மெதுவான நடை. ஆழம் பார்த்து, துணைக்கு ஆள் நின்று, வாய்க்காலிலோ தொட்டியிலோ நீந்தவிடலாம். மூட்டில் பாரம் ஏறாமல் தொடைத் தசை வலுப்படும். பந்து எறிந்து துரத்தவிடுவது கூடாது. வலிக்கு, நாய்களுக்கென உள்ள மருந்தை மருத்துவர் எடைக்கேற்ப எழுதித் தருவார். நாம் சாப்பிடும் டைக்ளோபினாக், ஐபுபுரூபன், பாராசிட்டமால் மாத்திரைகளைக் கொடுக்கக்கூடாது. வயிற்றுப் புண், சிறுநீரகம், கல்லீரல் பாதிப்பு வந்து நாய் இறக்கவும் நேரிடும்.

இந்த நாயின் விஷயத்தில் கவனிக்க வேண்டியது அதன் வயது. 'மூன்று மாதம் எடையைக் குறைத்துப் பார்ப்போம், அப்புறம் அறுவை சிகிச்சையைப் பற்றி யோசிப்போம்' என்று தள்ளினால் பத்து மாதம் ஆகிவிடும். எடைக் குறைப்பைத் தொடங்கிய அதே வாரத்தில் எலும்பு அறுவை சிகிச்சை நிபுணரிடம் படத்தைக் காட்ட வேண்டும். ஏன் என்பதை அடுத்துப் பார்க்கலாம்.

எந்த வயதில் எந்த அறுவை சிகிச்சை?

12 முதல் 20 வாரம் வரை: இடுப்பெலும்பின் அடியில், இரு பாதிகளும் சேரும் இடத்திலுள்ள வளர்ச்சிக் குருத்தைச் சூடுவைத்து நிறுத்துகிறார்கள். அடிப்பகுதி வளராமல் நிற்க, மற்ற பகுதி வளரும்போது கிண்ணம் பந்தின்மேல் கவிழ்ந்து மூடுகிறது. எளிய சிகிச்சைதான். ஆனால் இந்த வயதில் நொண்டல் தெரியாது. பெற்றோரில் ஒன்றுக்குக் குறை இருந்தது என்று தெரிந்து, முன்கூட்டியே சோதித்தால்தான் பயன்படும்.

5 முதல் 10 மாதம் வரை: கிண்ணத்தைச் சுற்றியுள்ள இடுப்பெலும்பை இரண்டு இடங்களில் வெட்டி, கிண்ணத்தைப் பந்தின்மேல் திருப்பி, தகடும் திருகாணியும் போட்டு நிறுத்துகிறார்கள். கிண்ணம் தேயாமலும் மூட்டுவாதம் தொடங்காமலும் இருந்தால் மட்டுமே செய்வார்கள். நமது ஏழு மாத லாப்ரடாருக்கு இந்த வாய்ப்பு இன்னும் இருக்கிறது. சில மாதங்கள் போனால் இருக்காது.

வளர்ச்சி முடிந்த பிறகு: வலி மருந்துக்கும் எடைக் குறைப்புக்கும் அடங்காவிட்டால் இரண்டு வழிகள். ஒன்று, பந்தையே வெட்டி எடுத்துவிடுவது. எலும்போடு எலும்பு உரசுவது நிற்கிறது. தசையும் நாரும் சேர்ந்து ஒரு போலி மூட்டாகிறது. கால் சற்றுக் குட்டையாகும். ஆனால் வலி தீரும். எடை குறைந்த நாய்களில் நன்றாகப் பலன் தரும். கனத்த நாயில் நடை அவ்வளவு சீராக இருக்காது. சிகிச்சைக்குப் பின் காலைச் சும்மா வைத்திருக்காமல், மருத்துவர் சொன்ன நாளிலிருந்து நடக்கவைக்க வேண்டும். மற்றொன்று, செயற்கை மூட்டு பொருத்துவது. இயல்பான நடைக்கு மிக அருகில் கொண்டுவருவது இதுதான். செலவும் அதிகம்; செய்யும் இடங்களும் சிலவே.

கோளாறு உறுதியான நாயை இனப்பெருக்கத்துக்குப் பயன்படுத்தக்கூடாது. அறுவை சிகிச்சையால் நடை சீரானாலும் மரபணு மாறுவதில்லை. கருத்தடையை எந்த வயதில் செய்வது என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லா நொண்டலும் இது அல்ல

நன்றாக ஓடிய நாய் திடீரென ஒரு பின்னங்காலை மட்டும் தூக்கிக்கொண்டால் முழங்கால் தசைநார் அறுந்திருக்கலாம். காய்ச்சல், பசியின்மையோடு நடை தளர்ந்தால் உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை தேவை. இடுப்புக் கோளாறு பெரும்பாலும் இரு பக்கமும் சேர்ந்து, மெல்ல மெல்ல வரும். படுத்து எழும்போது மோசமாக இருந்து, நடக்க நடக்கச் சற்றுச் சீராகும். தொடைத் தசை இளைத்து, தோள்பட்டை மட்டும் பருத்துத் தெரியும்.

வயது வாரியாகச் செய்ய வேண்டியவை

குட்டி வாங்கும் முன்: பெற்றோரின் இடுப்பு எக்ஸ்ரேயைக் கேட்கவும்.

2 முதல் 4 மாதம்: பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம், நிறுத்த அளவில். கூடுதல் கால்சியம் வேண்டாம். படிக்கட்டு வேண்டாம். பெற்றோருக்குக் குறை இருந்தால் இந்த வயதிலேயே மூட்டுத் தளர்வைச் சோதிக்கவும்.

5 முதல் 6 மாதம்: தடுப்பூசிக்கோ குடற்புழு நீக்கத்துக்கோ போகும்போது இடுப்பையும் சோதிக்கச் சொல்லவும். முயல் தாவல், எழத் தடுமாற்றம் தெரிந்தால் உடனே எக்ஸ்ரே.

10 மாதத்துக்குள்: கோளாறு இருந்தால் அறுவை சிகிச்சை வேண்டுமா, வேண்டாமா என்பதை நிபுணரைக் கேட்டு முடிவு செய்திருக்க வேண்டும்.

12 மாதத்துக்குப் பின்: இனப்பெருக்கத்துக்கு வைத்திருக்கும் நாய்க்கு, ஆணோ பெண்ணோ, தர மதிப்பீட்டுக்கான எக்ஸ்ரே.

சென்னை, நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி உள்ளிட்ட இடங்களில் கால்நடை மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. நாயை ஏற்றிக்கொண்டு போவதற்கு முன், மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எக்ஸ்ரே எடுக்கும் நாளையும் நேரத்தையும் உங்கள் பகுதிக் கால்நடை உதவி மருத்துவர் மூலம் விசாரித்துக்கொண்டால் அலைச்சல் மிஞ்சும். பழைய படங்கள் இருந்தால் அவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் மூட்டு எந்த வேகத்தில் கெடுகிறது என்பது தெரியும்.